140 வாடிக்கையாளர், ஒரே பாஸ்வேர்ட் பட்டியல்: உள்ளே போனது யார்?

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். அதன் ஜி.எஸ்.டி. வேலைகளை ஆறு பேர் பணிபுரியும் ஓர் ஆடிட்டர் அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கலாகிவிட்டது. 18-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவத்தைத் திறந்தால், கட்ட வேண்டிய வரி எதிர்பார்த்ததைவிட 1,80,000 ரூபாய் கூடுதலாகக் காட்டுகிறது. தேடிப் பார்த்ததில், பட்டறைக்காரர் கேள்வியே பட்டிராத ஒரு நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு விற்றதாக ஒரு பில் ஏற்றப்பட்டிருக்கிறது. 18 சதவீத வரி. சரக்கு எதுவும் போகவில்லை. ஆனால் அந்த நிறுவனம் இந்த பில்லைக் காட்டி 1,80,000 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள வழி பிறந்துவிட்டது. வரியைக் கட்டும் பொறுப்பு பட்டறைக்காரருடையது.

ஓ.டி.பி. இல்லாமல் எதுவும் நடக்காதே என்று பலர் நினைக்கிறார்கள். ஓ.டி.பி. பெரும்பாலும் கேட்கப்படுவது தாக்கல் செய்யும் கடைசிக் கட்டத்தில்தான். அதற்கு முன்பு பில்களை ஒவ்வொன்றாக ஏற்றிச் சேமித்து வைக்க, பல நேரங்களில் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் இருந்தால் போதும். 8-ஆம் தேதி யாரோ அந்தப் போலி பில்லைச் சேமித்துவிட்டுப் போயிருக்கலாம். 11-ஆம் தேதி, வழக்கமாக இந்தக் கணக்கைப் பார்க்கும் ஊழியர் மொத்தத் தொகையைச் சரிபார்க்காமல் தாக்கல் பொத்தானை அழுத்துகிறார். பட்டறைக்காரர் போனில் ஓ.டி.பி.யைச் சொல்கிறார். ஓ.டி.பி. உண்மையானது, தாக்கலும் முறையானது, உள்ளே இருந்த ஒரு பில் மட்டும் போலி.

3பி தாக்கலாகவில்லை என்பதால் தொகையைத் திருத்த வழி இருக்கிறது. 2024-இல் வந்த ஜி.எஸ்.டி.ஆர்.-1ஏ படிவம் இதற்குத்தான். திருத்த முடியாதது வேறொன்று: அந்த பில்லை ஏற்றியது யார் என்ற கேள்வி. போர்ட்டலுக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று, பட்டறைக்காரரின் பயனர்பெயர். அலுவலகத்திலோ 140 வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகளும் ஓர் எக்ஸெல் கோப்பில் இருக்கின்றன, ஆறு பேரும் அதைத் திறக்கலாம். போன வருடம் வேலையை விட்டுப் போனவர் அதன் நகல் ஒன்றைப் பென்டிரைவில் வைத்திருந்தால் அதுவும் யாருக்கும் தெரியாது. ஒரே சாவியைப் பலர் பயன்படுத்தும் இடத்தில், போர்ட்டல் எவ்வளவு துல்லியமாகப் பதிவு வைத்தாலும் அது ஆளைக் காட்டாது.

சரியான வழி போர்ட்டலுக்குள்ளேயே ஓரளவு இருக்கிறது. வாடிக்கையாளர் தன் கணக்கில் நுழைந்து, Services பகுதியில் User Services என்பதன் கீழ் உள்ள Engage / Disengage GST Practitioner பக்கத்தில் தன் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனரின் பதிவு எண்ணைக் கொடுக்கலாம். பிராக்டிஷனர் அதை ஏற்றுக்கொண்டதும், தன் சொந்த லாகின் வழியாகவே அந்த வாடிக்கையாளரின் ரிட்டர்ன் வேலைகளைச் செய்யலாம். வாடிக்கையாளரின் பாஸ்வேர்ட் அவருக்குத் தேவையே இல்லை. ஜி.எஸ்.டி. விதி 83 அவர் என்னென்ன செய்யலாம் என்று பட்டியலிடுகிறது. ரீஃபண்ட் கேட்பது, பதிவைத் திருத்துவது அல்லது ரத்து செய்வது போன்ற விண்ணப்பங்களை அவர் கொடுத்தால், வாடிக்கையாளரிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. பிரிந்துபோக நினைத்தால் வாடிக்கையாளர் அதே பக்கத்தில் விலக்கிவிடலாம். பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

வருமான வரித் தளத்தில் வரித் தணிக்கை அறிக்கைக்கு இதைவிடத் தெளிவான ஏற்பாடு உண்டு. வாடிக்கையாளர் தன் ஆடிட்டரைச் சேர்த்து, குறிப்பிட்ட படிவத்தை ஒதுக்குகிறார். ஆடிட்டர் தன் லாகினில், தன் டிஜிட்டல் கையெழுத்தோடு அதை ஏற்றுகிறார். வாடிக்கையாளர் அதைப் பார்த்து ஏற்கிறார் அல்லது திருப்பி அனுப்புகிறார். இரண்டு பேர், இரண்டு பெயர்கள். இ-வே பில் தளம் இன்னும் ஒரு படி முன்னே போகிறது. அங்கே முதன்மைப் பயனர் துணைப் பயனர்களை உருவாக்கலாம். ஒருவருக்கு பில் உருவாக்கும் உரிமை மட்டும், இன்னொருவருக்கு அறிக்கை பார்க்கும் உரிமை மட்டும் என்று பிரித்துக் கொடுக்கலாம். வேலையை விட்டவரின் கணக்கை முடக்கி வைக்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் அந்தத் தளத்தில் எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். துணைப் பயனரின் ஓ.டி.பி. அவரவர் போனுக்கே வருகிறது.

ஆனால் பிராக்டிஷனர் முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை அலுவலகங்கள் கவனிப்பதே இல்லை. பிராக்டிஷனர் என்பவர் ஒரு தனிநபர். அவரிடம் வேலை பார்க்கும் ஐந்து பேரும் அவருடைய லாகினைப் பயன்படுத்த ஆரம்பித்தால், 140 சாவிகள் இருந்த இடத்தில் 140 கதவுகளையும் திறக்கும் ஒரு சாவி வந்துவிடும். பிரச்சினை ஒரு படி மேலே நகர்ந்திருக்கிறதே தவிர தீரவில்லை. அந்த ஒரு சாவி வெளியே போனால் சேதம் முன்பைவிட அதிகம். அதனால் அலுவலகத்துக்குள் தனியாக ஒரு பதிவு தேவைப்படுகிறது.

இதற்குத்தான் குழுக்களுக்கான பாஸ்வேர்ட் மேனேஜர் இருக்கிறது. பிட்வார்டனை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஊழியருக்கும் அவருடைய பெயரில் ஒரு கணக்கு, அவருடைய சொந்த பாஸ்வேர்ட், அவருடைய இரண்டடுக்குச் சரிபார்ப்பு. வாடிக்கையாளர்களின் லாகின்களைத் தொகுப்புகளாகப் பிரித்து, அந்தந்தத் தொகுப்பைப் பார்ப்பவருக்கு மட்டும் அனுமதி தரலாம். பாஸ்வேர்ட் கண்ணில் படாமல், லாகின் பக்கத்தில் தானாக நிரம்பும்படியும் வைக்கலாம். அணிகளுக்கும் நிறுவனங்களுக்குமான கட்டணத் திட்டங்களில் நிகழ்வுப் பதிவும் உண்டு. யார், எந்த நேரத்தில், எந்த வாடிக்கையாளரின் பாஸ்வேர்டைப் பார்த்தார், நகலெடுத்தார், நிரப்பினார் என்று தனித்தனியாக அது காட்டும். முழுப் பெட்டகத்தையும் ஒருவர் கோப்பாக ஏற்றுமதி செய்தால் அதுவும் பதிவாகும்.

பட்டறைக்காரரின் கதையை இந்த ஏற்பாட்டோடு மறுபடி பார்ப்போம். முதலில் சந்தேக வட்டம் சுருங்குகிறது: அவருடைய தொகுப்புக்கு அனுமதி உள்ளவர்கள் ஆறு பேரல்ல, இரண்டு பேர். 1-ஆம் தேதிக்கும் 11-ஆம் தேதிக்கும் இடையில் அந்த லாகின் ஐந்து முறை பயன்பட்டிருக்கிறது. அலுவலகத்தின் வேலைப் பதிவேட்டில் நான்குக்குக் காரணம் இருக்கிறது: பில் ஏற்றியது, வரவு ஒப்பிட்டது, சரிபார்த்தது, தாக்கல் செய்தது. ஐந்தாவது, 8-ஆம் தேதி இரவு 7.40-க்கு. அன்று அந்த வாடிக்கையாளருக்கு எந்த வேலையும் எழுதப்படவில்லை. பாஸ்வேர்ட் தானாக நிரப்பப்படவுமில்லை, நகலெடுக்கப்பட்டிருக்கிறது. இதை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது, அவ்வளவுதான். பதிவேடு இல்லாமல் நிகழ்வுப் பதிவு மட்டும் இருந்திருந்தால் ஐந்தாவது வரி மற்ற நான்கைப் போலவே தெரிந்திருக்கும். தாக்கல் முடிந்ததும் போர்ட்டல் தரும் ஏ.ஆர்.என். எண்ணை வேலைப் பதிவேட்டில் அன்றன்றே எழுதி வைப்பது இந்த ஒப்பீட்டை எளிதாக்கும்.

பதிவில் அந்த ஐந்தாவது வரியே இல்லாமலும் இருந்திருக்கலாம். அதுவும் ஒரு செய்தி. பாஸ்வேர்ட் பெட்டகத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்: பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட், பழைய எக்ஸெல் நகல், வாட்ஸ்ஆப்பில் வாடிக்கையாளர் அனுப்பிய செய்தி. பெட்டகத்துக்கு மாறும் நாளில் எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றாவிட்டால் பெட்டகத்தின் பதிவுக்கு மதிப்பில்லை என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். பல அலுவலகங்கள் பழைய பாஸ்வேர்டுகளை அப்படியே உள்ளே கொட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகின்றன.

மறைத்து வைத்த பாஸ்வேர்டும் முழுப் பாதுகாப்பு அல்ல. லாகின் பக்கத்தில் நிரம்பிவிட்ட பாஸ்வேர்டை, கொஞ்சம் விவரம் தெரிந்தவர் பிரவுசரின் கருவிகளைக் கொண்டு படித்துவிடலாம். ஆகவே ஊழியர் விலகும் நாளில் அவருடைய கணக்கை நீக்குவதோடு, அவர் பெயரில் நிகழ்வுப் பதிவை வடிகட்டி, அவர் பார்த்த, நகலெடுத்த, நிரப்பிய லாகின்களை எல்லாம் பட்டியலெடுத்து மாற்ற வேண்டும். 140-ஐயும் மாற்றுவது என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். அவர் கைபட்ட இருபதோ முப்பதோ என்றால் ஒரு நாளில் முடிந்துவிடும். நிகழ்வுப் பதிவின் மிகப் பெரிய அன்றாடப் பயன் இதுதான் என்பது என் கருத்து. பதிவு என்றாலே திருடனைப் பிடிக்க என்று எண்ணுகிறோம். அது அதிகம் உதவுவது இந்த மாதிரிச் சாதாரண நாட்களில்.

மென்பொருளால் பதிவு செய்ய முடியாத ஒன்றும் அலுவலக மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கம்பெனிகளின் ரிட்டர்ன்களுக்கு டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் கட்டாயம். அது யு.எஸ்.பி. டோக்கனில் வருகிறது. பல இடங்களில் இயக்குநரின் டோக்கன் ஆடிட்டர் அலுவலகத்தில்தான் இருக்கும், பின் நம்பர் அதன் மேலேயே ஒட்டியிருக்கும். அதை எடுத்துச் செருகியவர் யார் என்று டோக்கன் சொல்லாது. சட்டத்தின் கண்ணில் கையெழுத்து இயக்குநருடையது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 42, தன் கையெழுத்துச் சாவியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை அதன் உரிமையாளர் மேலேயே வைக்கிறது. டோக்கன் அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால், பூட்டிய பெட்டி, பின் நம்பர் வேறொருவரிடம், ஒரு நோட்டு. எடுத்த நேரம், எந்தப் படிவம், ஏ.ஆர்.என்., திருப்பி வைத்த நேரம், கையெழுத்து. நோட்டு பழைய முறைதான், ஆனால் இந்த இடத்துக்கு அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை.

2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளும் இதைத் தொடுகின்றன. தனிநபர் தரவை யார் அணுகினார் என்று தெரியும்படி பதிவு வைக்க வேண்டும், அதை ஓராண்டு காக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அறிவிப்பிலிருந்து 18 மாதம் கழித்து இது நடைமுறைக்கு வருகிறது. எக்ஸெல் பட்டியலை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

வாடிக்கையாளர் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது, தன் பதிவில் எந்த மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்பது. பதிவு செய்து தந்த இடைத்தரகர்கள் தங்கள் சொந்த எண்ணைக் கொடுத்துவிட்டு, பிறகு லாகின் விவரத்தைத் தர மறுப்பதாகப் புகார்கள் வந்ததால், 2018-இல் மத்திய நிதி அமைச்சகம் இதற்கென ஒரு நடைமுறையை அறிவித்தது. தொழில் தன்னுடையதுதான் என்பதற்கான ஆவணங்களோடு தன் பகுதி ஜி.எஸ்.டி. அதிகாரியிடம் போக வேண்டும். அவர் ஆவணங்களைச் சரிபார்த்து, புதிய மின்னஞ்சலையும் மொபைல் எண்ணையும் பதிவார். பயனர்பெயரும் தற்காலிக பாஸ்வேர்டும் அந்தப் புதிய மின்னஞ்சலுக்கு வரும். உள்ளே நுழைந்ததும் இரண்டையும் மாற்றிவிட்டு, அடுத்த வேலையாக Engage / Disengage GST Practitioner பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.