குழாயின் ஆயுள் இணைப்பில்

கடலூர் மாவட்டத்தின் கரையோர வீடுகளில், குறிப்பாகத் தேவனாம்பட்டினம், முதுநகர் போன்ற பகுதிகளில், சுவரோடு ஏறும் ஜி.ஐ. பைப்பைக் கவனித்துப் பார்த்தால், நடுப்பகுதி இன்னும் சாம்பல் நிறத்தில் நல்ல நிலையில் இருக்கும்போதே எல்போவும் சாக்கெட்டும் சேரும் இடங்களில் செம்பழுப்புக் கறை வழிந்திருப்பதைக் காணலாம். ஒரு வீட்டுக் குழாய் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதை, அது இரும்பாயினும் பிளாஸ்டிக்காயினும், பெரும்பாலும் இணைப்புகளே முடிவு செய்கின்றன என்பதற்கு இக்கறையே சான்று.

ஜி.ஐ. பைப் என்பது உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்புக் குழாய். அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு ஏறக்குறைய 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனமே கொண்டது. இரும்பைத் துரு தொடுவதற்கு முன் தான் கரைந்து அதைக் காப்பதே இப்பூச்சின் வேலை. ஆனால் குழாய்களை இணைக்க முனையில் டை வைத்து மரை வெட்டும்போது அவ்விடத்தில் பூச்சு முழுவதும் சீவப்பட்டு வெற்றிரும்பு வெளிப்படுகிறது. இழப்பு அதோடு நிற்பதில்லை: அரை அங்குல நடுத்தர வகைக் குழாயின் சுவர் 2.6 மில்லிமீட்டர் கனம். மரையின் பள்ளம் மட்டும் சுமார் 1.16 மில்லிமீட்டர் ஆழம். ஆகவே மரையின் அடியில் சுவரின் பாதியளவே எஞ்சுகிறது. காப்பும் இன்றி கனமும் குறைந்த இந்த வளையத்தில்தான் உப்புக் காற்றும், கடல்நீர் ஊடுருவிய ஆழ்துளைக் கிணற்று நீரும் தம் வேலையைத் தொடங்குகின்றன. நீரில் குளோரைடு மிகுந்தால் துத்தநாகத்தின் மேல் இயல்பாகப் படியும் காப்புப் படலம் நிலைப்பதில்லை. பித்தளை வால்வை நேராக ஜி.ஐ. முனையில் பொருத்தினால், இரு உலோகங்களுக்கிடையே எழும் மின்வேதி வினையால் இரும்பின் அரிப்பு மேலும் விரைவடைகிறது.

இச்சிதைவு முதலில் உள்ளேதான் தெரிகிறது. காலையில் முதலில் வரும் நீர் மஞ்சளாக வந்து சிறிது நேரத்தில் தெளிவதும், தொட்டி நிறைந்திருந்தும் மேல்மாடிக் குழாயில் நீர் ஒல்லியாக வருவதும், துருக்கட்டிகள் உள்விட்டத்தை அடைத்துவருவதன் அறிகுறிகள். அந்நிலையில் ஒரு சாக்கெட்டை மட்டும் மாற்றுவது பயனற்றது. ரெஞ்சால் இறுக்கும் விசையிலேயே அடுத்த மரை ஒடிந்துவிடுவதுண்டு.

துரு பிடிக்காது என்பதாலேயே கரையோரத்துக்குப் பிளாஸ்டிக் குழாய் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை; ஆயினும் அதன் வலிமையைக் கணக்கிடும் அடிப்படை வெப்பம் 27 டிகிரி செல்சியஸ் மட்டுமே. சிதம்பரத்தில் சித்திரை மாத நண்பகலில் மொட்டைமாடித் தளத்தில் கிடக்கும் பி.வி.சி. குழாய் அதைவிட மிகுந்த சூடேறும். 10 மீட்டர் நீளமுள்ள குழாய் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீள்கிறது. அதே நிலையில் இரும்பு நீள்வது 4 மில்லிமீட்டர் அளவே. இரு முனையும் சிமெண்டில் பதிந்திருந்தால் இந்நீட்சிக்கு இடமின்றிக் குழாய் வளைந்து, பகல்தோறும் எல்போவின் மூலையை இழுத்தும் தள்ளியும் தளர்த்துகிறது. வீட்டுத் தொட்டியின் அழுத்தம் சிறிது. 7 மீட்டர் உயரத் தொட்டி கொடுப்பது சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ மட்டுமே. ஆகவே இங்கு குழாயை உடைப்பது நீரின் அழுத்தத்தைவிட வெயிலின் இழுவையே எனலாம். வெயிலின் புறஊதாக் கதிர் மேற்பரப்பை வெளுக்கச் செய்து, சிறு அடிக்கே உடையும்படி நொறுங்கச் செய்வதும் உண்டு.

பி.வி.சி. இணைப்பு பசையால் ஒட்டுவது அன்று. சால்வென்ட் எனப்படும் கரைப்பான் இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்குவது. குழாயைச் சதுரமாக வெட்டி, பிசிறு நீக்கி, ஈரமும் தூசியும் துடைத்து, குழாய்மேலும் சாக்கெட்டின் உள்ளும் மெல்லிதாகப் பூசி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி, அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். கோடை நண்பகலில் செருகுவதற்குள் கரைப்பான் ஆவியாகிவிடுவதும், ஐப்பசி மழையில் ஈரக் குழாயில் பூசுவதும், ஒட்டிய கையோடு மோட்டாரைப் போடுவதும் பின்னர் வரும் கசிவுகளுக்கு முக்கியக் காரணங்கள். ஒரு நாளேனும் ஆறவிடுவது நல்லது. வெந்நீருக்குரிய சி.பி.வி.சி. குழாயை அதற்குரிய சால்வென்டால் மட்டுமே ஒட்ட வேண்டும்.

மிகவும் பலவீனமான இடம், இரும்பும் பிளாஸ்டிக்கும் சந்திக்கும் மரை. பழைய ஜி.ஐ. வரிசையோடு புதிய பி.வி.சி.யை இணைக்கும்போது இரும்பு மரையைப் பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ.வுக்குள் இறுக்கினால், கூம்பு வடிவ இரும்பு ஆப்புப் போல் நுழைந்து பிளாஸ்டிக்கைப் பிளக்கிறது. விரிசல் சில மாதங்கள் கழித்தே கசியத் தொடங்கும். பித்தளை உள்மரை பதித்த வகையை வாங்கி, டெஃப்லான் டேப் சுற்றி, கையால் இறுக்கிய பின் ஒன்றிரண்டு சுற்றோடு நிறுத்துவதே முறை.

சுவரைப் பூசி மூடும் முன், எல்லா முனைகளையும் அடைத்துக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி ஓரிரவு விட்டு, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா எனப் பார்க்குமாறு வீடு கட்டுவோர் பிளம்பரிடம் தவறாமல் கேட்க வேண்டும்.