திருமண டிரோனுக்குக் காப்பீடு

கேமரா டிரோனுக்கு எடுக்கும் பாலிசியில் இரண்டு பகுதிகள் உண்டு. டிரோன் உடைந்தால் கிடைப்பது ஒன்று; டிரோனால் பிறருடைய உடலுக்கோ பொருளுக்கோ நேரும் சேதத்துக்கு உரிய இழப்பீடு மற்றொன்று. இரண்டாவதற்கு மூன்றாம் நபர் காப்பீடு என்று பெயர். இந்தியாவில் 2021 டிரோன் விதிகளின்படி இது கட்டாயம். வண்டிகளுக்கான மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீட்டுப் பிரிவுகளே டிரோனுக்கும் பொருந்தும் என்கிறது அந்த விதி. சொந்த டிரோனைக் காப்பது உரிமையாளரின் விருப்பம்.

250 கிராம் வரை எடையுள்ள நானோ டிரோனுக்கு மட்டும் கட்டாயம் இல்லை. 249 கிராம் டிரோன்கள் கல்யாண வீடுகளில் அதிகம் பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் விதி பார்ப்பது பறக்கும்போதுள்ள மொத்த எடையை. கூட்டத்தில் யாருக்கும் அடிபடக்கூடாதென்று இறக்கைகளைச் சுற்றிக் காப்பு வளையம் மாட்டினால், அந்த நல்லெண்ணமே டிரோனை 250 கிராமைத் தாண்டவைத்து அடுத்த வகையான மைக்ரோவில் சேர்த்துவிடும். நானோவே ஆனாலும் விலக்கு காப்பீட்டுக்குத்தான்; அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டால் கொடுப்பது டிரோன்காரரின் கைக்காசு.

ஒரு விபத்தைக் கற்பனை செய்யலாம். மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை அழைப்பு. 900 கிராம் டிரோன் மேலே நிற்கிறது. சிக்னல் அறுந்ததும் அது தானாகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பத் தொடங்குகிறது. திரும்பும் உயரம் 20 மீட்டர் என்று வைக்கப்பட்டிருக்கிறது. வழியில் நிற்கும் தென்னை அதைவிட உயரம். மட்டையில் மோதி விழுந்ததில் விருந்தாளி ஒருவரின் நெற்றி கிழிகிறது, கார் கண்ணாடி உடைகிறது, உதவியாளரின் கையிலும் காயம்.

விருந்தாளியின் மருத்துவச் செலவும் கார் கண்ணாடியும் மூன்றாம் நபர் பகுதியில் வரும். உதவியாளர் டிரோன்காரரின் ஆள் என்பதால் பொதுவாக அதில் வரமாட்டார். அவருக்குத் தனி விபத்துக் காப்பீடு வேண்டும். டிரோனின் சேதத்தில் தேய்மானமும், உரிமையாளர் ஏற்க வேண்டிய தொகையும் கழியும். பழுது 60,000 ரூபாய், தேய்மானம் 12,000, சொந்தப் பங்கு 5,000 என்றால் கைக்கு வருவது 43,000.

அதற்கு முன் சர்வேயர் பறப்புப் பதிவைக் கேட்பார். உயரம், நேரம், சிக்னல் அறுந்த நொடி எல்லாம் அதில் இருக்கும். விழுந்த டிரோனை உடனே பழுதுபார்க்கக் கொடுத்து, பதிவு அழிந்துபோனால் க்ளெய்ம் தடுமாறும். பதிவு எண்ணும் டிரோன் ஓட்டுவதற்கான சான்றிதழும் கேட்கப்படும். கூலிக்குப் படமெடுப்பது வணிகப் பயன்பாடு என்பதால், மைக்ரோ டிரோனுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. விமான நிலையத்தை ஒட்டிய மண்டபமாக இருந்து, அனுமதி பெறாமல் பறக்கவிட்டிருந்தாலும் பாலிசி கைகொடுக்காமல் போகலாம். இரவல் டிரோனில் இன்னொரு சிக்கல்: பாலிசியில் இருக்கும் பெயரும் ஓட்டியவர் பெயரும் வேறாக இருக்கும். வரவேற்புகள் பெரும்பாலும் இரவில் நடப்பதால், இரவுப் பறத்தல் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாலிசி எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.