முதலாளியின் கைபேசிக்குப் போகும் மெயில்

வேலை கேட்கும் கடிதம் – 9

போன வாரம் பெரிய நிறுவனங்களின் இணையப் படிவங்களைப் பார்த்தோம். அங்கே விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்க மனிதவளத் துறை என்று ஒன்று இருக்கிறது. இந்த வாரம் அந்தத் துறையே இல்லாத இடத்துக்குப் போகிறோம். அப்பா தொடங்கியதை மகன் நடத்துவார், மருமகள் பையர்களோடு பேசுவார், மாமன் மச்சான் யாராவது ஒருவர் உற்பத்தியைப் பார்ப்பார். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் பல யூனிட்டுகள் இப்படித்தான் நடக்கின்றன. அங்கே நீங்கள் அனுப்பும் மெயிலைப் படிப்பவரும், சம்பளத்தை முடிவு செய்பவரும், அந்தச் சம்பளத்தைத் தன் பணத்திலிருந்து கொடுப்பவரும் ஒரே ஆள். சாயப்பட்டறைக்கும் தையல் செக்‌ஷனுக்கும் நடுவே காரில் போகும்போது கைபேசியில் அதைப் படிப்பார். மெயிலை எழுதும்போது இந்தக் காட்சி மனதில் இருக்கட்டும்.

ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். தாராபுரத்துக்காரர். திருப்பூரில் ஒரு பையிங் ஆபீஸில் நான்கு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசர். குழந்தைகள் உடை தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு குடும்ப யூனிட்டில் சேர விரும்புகிறார். அந்த யூனிட் வேலைக்கு ஆள் தேவை என்று எங்கும் விளம்பரம் செய்யவில்லை.

அவருக்கு வரும் முதல் கேள்வி, யாருக்கு எழுதுவது என்பது. யூனிட்டின் இணையப் பக்கத்தில் `info@` என்று தொடங்கும் ஒரு முகவரி இருக்கும். அதைக் கணக்குப் பிரிவில் இருப்பவர் திறப்பார். நூல் விற்பவர்களின் விலைப்பட்டியலும் கூரியர் பில்லும் வந்து குவியும் பெட்டி அது. உரிமையாளரின் பெயர் தெரிய வேண்டுமென்றால் யூனிட் வாசலில் உள்ள பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணைப் பலகையில் எழுத வேண்டும் என்பது விதி. 15 இலக்கம், தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டால், தனிநபர் நிறுவனமாக இருந்தால் சட்டப்படியான உரிமையாளரின் பெயரே வந்துவிடும். ஆனால் அத்தோடு நிறுத்திவிடக் கூடாது. மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ பதிவு செய்துவிட்டு, தொழிலை வேறொருவர் நடத்துவது இங்கே சாதாரணம். அதனால் அலுவலக எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். “வணக்கமுங்க. வேலை விஷயமா முதலாளிக்கு ஒரு மெயில் அனுப்பணுங்க. அவரு நேரடியாப் பாக்குற மெயில் ஐடி எதுங்க?” இப்படிப் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அப்பாவுக்கு எழுதுவதா மகனுக்கு எழுதுவதா என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். ஒருவருக்குத்தான் எழுத வேண்டும். இருவருக்கும் தனித்தனியாக அனுப்பினால், மாலையில் வீட்டில் பேசும்போது இருவருக்கும் வந்தது தெரிந்துவிடும். இந்தப் பெண் யாரை நம்பாமல் யாருக்கு அனுப்பினார் என்ற கேள்வி அங்கே எழும்.

அந்தப் பெண்ணின் முதல் வரைவு, பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதிய பழக்கத்தில் வந்தது போல இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். “மதிப்பிற்குரிய அய்யா, தங்கள் மேலான நிறுவனத்தில் எனது தகுதிக்கேற்ற பணியினை வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” இதில் மரியாதை இருக்கிறது, செய்தி இல்லை. எந்த வேலை என்று சொல்லவில்லை. எந்த நிறுவனத்துக்கும் இதை அப்படியே அனுப்பலாம் என்பது படிப்பவருக்கும் தெரியும். தகுதிக்கேற்ற பணி எது என்று யோசிக்கும் பொறுப்பை முதலாளியின் தலையில் வைக்கிறது இந்த வரி. ஷிப்மென்ட் நாளில் அவருக்கு அதற்கு நேரமில்லை.

குடும்ப நிறுவனத்தின் முதலாளி ஒரு விண்ணப்பத்தில் தேடுவது மூன்று விஷயம் என்பது என் கணிப்பு. இந்த ஆளுக்கு வேலை கைவந்ததா? என் பையர் விவரமும் விலையும் இவரிடம் பத்திரமாக இருக்குமா? வந்தால் நிலைத்து இருப்பாரா? அந்தப் பெண் திருத்தி எழுதும் மெயில் இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். பொருள் வரியில் “மெர்ச்சண்டைசர் வேலைக்கு – குழந்தைகள் உடையில் 4 ஆண்டு அனுபவம்” என்று இருக்கட்டும். கீழே மெயில்:

“வணக்கம் அய்யா.

உங்கள் யூனிட்டில் மெர்ச்சண்டைசராக வேலை செய்ய விரும்பி எழுதுகிறேன். உங்களுக்கு எம்பிராய்டரி ஜாப்வொர்க் செய்யும் இடத்தில் என் அண்ணன் சூப்பர்வைசராக இருக்கிறார். பில் கொடுத்த வாரமே உங்களிடமிருந்து பணம் வந்துவிடும் என்று அவர் சொல்லித்தான் உங்கள் யூனிட்டைத் தெரியும்.

நான்கு ஆண்டுகளாக ஒரு பையிங் ஆபீஸில் குழந்தைகள் உடை ஆர்டர்களைப் பார்க்கிறேன். போன ஆண்டு 9,000 பீஸ் ஆர்டர் ஒன்றில், கழுத்துக்கு வந்த ரிப் துணி உடல் துணியின் நிறத்தோடு சேரவில்லை. கட்டிங் போடுவதற்கு முன்பே இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். அன்றே பையருக்குப் படம் அனுப்பி நான்கு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கினேன். ரிப்புக்கு மறுபடி சாயம் போட்ட பிறகு சரக்கு தூத்துக்குடியிலிருந்து கப்பலிலேயே போனது.

பையிங் ஆபீஸில் என் வேலை மெயிலோடு நின்றுவிடுகிறது. நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டும் வரை ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டும் என்பதால்தான் யூனிட்டுக்கு வர நினைக்கிறேன்.

இப்போதைய சம்பளம் 26,000 ரூபாய். 32,000 எதிர்பார்க்கிறேன். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சேர முடியும். இங்கே இன்னும் சொல்லவில்லை, அதனால் நாம் பேசி முடிவு செய்த பிறகு என் அலுவலகத்தில் விசாரித்தால் நன்றாக இருக்கும்.

எந்த நாளும் மாலை 6.30க்கு மேல் நேரில் வர முடியும். பயோடேட்டா இணைத்திருக்கிறேன்.

நன்றி அய்யா.”

கீழே பெயர், கைபேசி எண். இவ்வளவுதான். கைபேசித் திரையை இரண்டு மூன்று முறை தள்ளினால் முடிந்துவிடும்.

இந்த மெயிலின் அன்பு எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். “பில் கொடுத்த வாரமே பணம் வந்துவிடும்” என்ற வரியில். ஜாப்வொர்க் தொழிலில் பணம் மாதக்கணக்கில் இழுபடும். சொன்ன நாளில் கொடுக்கும் முதலாளிக்குத் தன் நாணயத்தைப் பற்றி ஒரு பெருமை இருக்கும். அதை இன்னொருவர் கவனித்திருக்கிறார் என்று கேட்பது, “புகழ்பெற்ற தங்கள் நிறுவனம்” என்று பத்து முறை படிப்பதைவிட அவருக்கு நிறைவாக இருக்கும். ஒரு நிபந்தனை: அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் அவரைக் குறிப்பிட வேண்டும். அவருடைய முதலாளியும் இந்த ஊரில்தான் தொழில் செய்கிறார். சொல்லும் விஷயம் உண்மையாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரே போனில் சரிபார்த்துவிடுவார்கள். அப்படி எதுவும் தெரியாவிட்டால் அந்த வரியே வேண்டாம், நேராக வேலைக்கு வந்துவிடுங்கள். மகன் திருமணத்துக்குப் போட்ட பந்தல், மருமகள் எந்த ஊர் என்பதெல்லாம் தெரிந்திருந்தாலும் எழுதக் கூடாது. தொழிலைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பவராகத் தெரிவீர்கள்.

ரிப் துணிச் சம்பவத்துக்கு வருவோம். உடல் துணியும் ரிப்பும் பின்னலில் வேறுபட்டவை, ஒரே நிறம் சொல்லிக் கொடுத்தாலும் சாயத்தை ஒரே மாதிரி வாங்கிக்கொள்வதில்லை. கட்டிங் ஆன பிறகு அது கண்ணில் பட்டால் துணி போனது போனதுதான். மறுபடி துணி ஓட்டினால் கப்பல் தவறும். ஆர்டரைக் காப்பாற்ற விமானத்தில் அனுப்ப வேண்டி வந்தால் அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும், அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் அதிலேயே போய்விடலாம். எனவே “கப்பலிலேயே போனது” என்ற இரண்டு சொற்களை முதலாளி நின்று படிப்பார். கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவர் என்றெல்லாம் எழுதுவதில் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. உங்கள் வேலையிலும் இப்படி ஒரு நாள் இருக்கும். எது கெட்டது, எந்தக் கட்டத்தில் பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், எப்படி முடிந்தது என்று நான்கு வரியில் சொல்லுங்கள்.

அந்த வரிகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். பையரின் பெயர் இல்லை, பீஸ் விலை இல்லை. திறமையைக் காட்டும் ஆர்வத்தில் பழைய நிறுவனத்தின் காஸ்டிங் ஷீட்டையோ டெக்பேக்கையோ மெயிலில் இணைத்து அனுப்பினால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. திருப்பூரில் ஒரே பையருக்குப் பல யூனிட்டுகள் விலை கொடுக்கின்றன. போட்டியாளரின் விலையைக் கேட்காமலே தருகிறவர், நாளை தன் விலையை எங்கே கொடுப்பார் என்றுதான் முதலாளிக்குத் தோன்றும். அப்படி அனுப்புவது தவறும் கூட.

சம்பளத்தை எழுதலாமா என்று பலர் தயங்குகிறார்கள். எழுதுவதுதான் சரி என்பேன். முதலாளி மனதில் 22,000 இருந்தால், மூன்று முறை நேரில் போய் வந்த பிறகு அதைத் தெரிந்துகொள்வதில் இருவருக்கும் நேர இழப்பு. தொகையைச் சொல்லிவிட்டு “பேசிக்கொள்ளலாம்” என்று குழையவும் வேண்டாம், பேச்சு தானாக வரும். திருமணம், குழந்தை பற்றி மெயிலில் எழுத வேண்டிய கட்டாயம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. நிலைத்து இருப்பாரா என்ற கேள்விக்கு, ஏன் யூனிட்டுக்கு வர நினைக்கிறேன் என்ற பத்தியே பதில்.

மெயில் தமிழிலா ஆங்கிலத்திலா? முதலாளி தமிழில் எழுதிப் பேசிப் பழகியவர் என்றால் தமிழில் எழுதுங்கள். பையருக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரியுமா என்பதைப் பயோடேட்டா காட்டட்டும். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், ஒரே பிடிஎஃப், கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் வேலையும். மெயிலை மகன் பார்க்கிறார், அவர் வெளியூரில் படித்துவிட்டு வந்தவர் என்றால் முழுவதும் ஆங்கிலத்திலேயே இருக்கலாம். அப்போதும் மேலே உள்ள வரிசையும் நீளமும் மாற வேண்டாம்.

சனிக்கிழமை அனுப்பாதீர்கள். அன்று தையல்காரர்களுக்கு வாரக்கூலி போடும் நாள், முதலாளியின் கவனம் முழுவதும் பணத்தில் இருக்கும். செவ்வாய் அல்லது புதன் காலை நல்லது. ஒரு வாரம் பதில் வராவிட்டால் அலுவலகத்துக்கு ஒருமுறை போன் செய்து, “போன செவ்வாய் மெயில் அனுப்பியிருந்தேனுங்க, அய்யா பாத்தாங்களான்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்” என்று சொல்லுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் இப்போது அங்கே இடமில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த யூனிட்டுக்கு எழுதுங்கள். ஆனால் இதே மெயிலைப் பெயர் மாற்றி அனுப்பாதீர்கள், அந்த யூனிட்டை எப்படித் தெரியும் என்று சொல்லும் பத்தியைப் புதிதாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் தினமும் காலை வணக்கம் அனுப்பி நினைவூட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

(தொடரும்)