மூட்டு விளிம்பில் வளரும் கட்டி

28 வயதுப் பெண் ஒருவர் இடது முழங்கால் வலியோடு எலும்பு மருத்துவரிடம் வருவதாக வைத்துக்கொள்வோம். நான்கு மாதமாக வலி. படி ஏறும்போது தொடங்கியது. இப்போது படுத்திருக்கும்போதும் விடுவதில்லை. தைலமும் வலி மாத்திரையும் பயன் தரவில்லை. முழங்காலின் ஒரு பக்கம் லேசாக வீங்கியிருக்கிறது.

எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கீழ் முனை தெரிகிறது. வெள்ளையாக இருக்க வேண்டிய எலும்பில், ஒரு பக்கமாக ஒதுங்கி, கருத்த பள்ளம் ஒன்று இருக்கிறது. அது மூட்டின் குருத்தெலும்புக்குச் சற்றுக் கீழே வரை எட்டியிருக்கிறது. மேல் ஓடு மெலிந்து வெளியே உப்பியிருக்கிறது. உள்ளே மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால், சோப்பு நுரை போலத் தோன்றுகிறது. பள்ளத்தைச் சுற்றித் தடித்த வெள்ளை விளிம்பு இல்லை.

ஜயன்ட் செல் கட்டி பெரும்பாலும் இப்படித்தான் தென்படும். எலும்பு வளர்ந்து முடிந்த பிறகு, 20 முதல் 40 வயதுக்குள் வருவதே அதிகம். ஏறக்குறைய பாதி கட்டிகள் முழங்காலைச் சுற்றித் தோன்றுகின்றன. மணிக்கட்டுக்கு மேலே உள்ள ஆரை எலும்பின் முனையும் அது விரும்பும் இன்னோர் இடம்.

நுண்ணோக்கியில் பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள் தெரிவதால் இந்தப் பெயர் வந்தது. ஆனால் உண்மையான குற்றவாளி அவையல்ல. அவற்றுக்கிடையே இருக்கும் சிறிய செல்கள்தான் கட்டியானவை. எலும்பைக் கரைக்கும் செல்களை வரவழைக்கும் புரதத்தை அவை சுரக்கின்றன. வந்து சேர்ந்த பெரிய செல்கள் எலும்பை அரிக்கின்றன. இது புற்றுநோய் வகையைச் சேர்ந்ததல்ல. எனினும் சிலருக்கு, அரிதாக, நுரையீரலில் பரவுவது உண்டு. அதனால் மார்புப் படமும் எடுப்பார்கள். பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தாலும் இதே போன்ற பள்ளம் உண்டாகும் என்பதால், இரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்த்து, பயாப்சி செய்து உறுதிப்படுத்துவார்கள்.

சிகிச்சையில் சிக்கல் இங்கேதான். கட்டி மூட்டை ஒட்டி இருக்கிறது. எலும்பு முனையையே வெட்டி எடுத்தால் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு மிகக் குறையும். ஆனால் 28 வயதில் செயற்கை மூட்டு வைக்க வேண்டியிருக்கும். மூட்டைக் காப்பாற்ற, கட்டியை மட்டும் சுரண்டி எடுத்தால், பள்ளத்தின் சுவரில் ஒட்டிய செல்கள் மிஞ்சும். சுரண்டலை மட்டும் நம்பினால் மூன்றில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் பாதிப் பேருக்கும்கூட, கட்டி திரும்பியிருக்கிறது.

ஆகவே அறுவை மருத்துவர் முதலில் எலும்பில் பெரிய ஜன்னல் வெட்டுவார். பள்ளத்தின் ஒவ்வொரு மூலையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சிறு துளை வழியே சுரண்டினால் மறைவில் கட்டி தங்கிவிடும். ஸ்பூன் போன்ற கருவியால் கட்டியை வழித்து எடுத்தபின், வேகமாகச் சுழலும் பர் கருவியால் சுவரைச் சில மில்லிமீட்டர் ஆழம் தேய்ப்பார்கள். நீரைப் பீய்ச்சிக் கழுவுவார்கள்.

அடுத்து, மிஞ்சிய செல்களைக் கொல்லும் துணைச் சிகிச்சை. பீனாலைச் சுவரில் தடவினால் அது செல்களின் புரதத்தை உறைய வைத்துக் கொல்கிறது. பிறகு ஆல்கஹாலால் கழுவுகிறார்கள். திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது இன்னும் ஆழம் செல்லும். ஆனால் எலும்பு முறிவு, தோல் கருகல், நரம்புச் சேதம் ஆகியவை அதன் ஆபத்துகள். சில இடங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடையும் பயன்படுத்துகிறார்கள். எது சிறந்தது என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. ஒழுங்காகச் சுரண்டித் தேய்ப்பதுதான் அடிப்படை. மருந்து அதற்கு மாற்று அல்ல.

வெறுமையான பள்ளத்தை எலும்பு சிமெண்டால் நிரப்புவார்கள். குருத்தெலும்புக்குக் கீழே எலும்பு மிகவும் மெலிந்திருந்தால், அங்கே முதலில் எலும்புத் துண்டுகளை அடுக்கிவிட்டு அதன்மேல் சிமெண்ட் வைப்பார்கள். இறுகும்போது சிமெண்ட் வெளியிடும் சூடும் மிஞ்சிய செல்களைத் தாக்கக்கூடும். எலும்புக்கு உடனே தாங்குவலிமை கிடைக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு: கட்டி திரும்பினால், வெண்மையான சிமெண்டின் ஓரத்தில் கருத்த இடைவெளி அகன்றுகொண்டே போவது எக்ஸ்ரேயில் தெரியும்.

கட்டி ஓட்டை உடைத்து வெளியே பெரிதாகப் பரவியிருந்தால், அல்லது மூட்டே சிதைந்திருந்தால், சுரண்டுவது போதாது. டெனோசுமாப் என்ற ஊசி மருந்து அந்தக் கரைக்கும் புரதத்தைத் தடுக்கும். அறுவை கடினமான இடங்களில் அது உதவுகிறது. ஆனால் அதைக் கொடுத்தபின் சுரண்டினால், புதிதாக உருவான எலும்புக்குள் கட்டிச் செல்கள் மறைந்து, திரும்ப வரும் வாய்ப்பு கூடலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன.

திரும்ப வரும் கட்டி பெரும்பாலும் முதல் மூன்றாண்டுகளுக்குள் தலைகாட்டும். அந்தப் பெண் நடக்கத் தொடங்கிய பிறகும், வலி இல்லாவிட்டாலும், மருத்துவர் சொல்லும் ஒவ்வொரு தேதியிலும் முழங்காலுக்கும் மார்புக்கும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பு எடுத்த படங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சிறிய கருத்த ஓரம் கண்ணில் படும்.