சந்திக்காத இரண்டு பிஷப்புகள்

செஸ் போட்டி நடக்கும் கூடத்தில் ஓரமாக நின்று பார்த்திருந்தால் இந்தக் காட்சி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். பலகையில் பாதிக்கு மேல் காலி. ஒருவரிடம் இரண்டு சிப்பாய்கள் கூடுதல். எதிரே இருப்பவரோ ஒரு பிஷப்பை இங்கும் அங்குமாக நகர்த்திக்கொண்டே இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கை குலுக்கி, டிரா என்று எழுதிவிட்டு எழுந்துபோகிறார்கள். ஆட்டம் தெரியாதவருக்கு இது அநியாயமாகப் படும். அரைகுறையாகத் தெரிந்தவருக்கு இன்னும் அதிகமாகப் படும், ஏனென்றால் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தாலே வெற்றி என்று அவர் கேள்விப்பட்டிருப்பார்.

காரணம் பிஷப்பின் பிறவிக் குணம். அது குறுக்காக மட்டுமே நகரும். அதனால் தொடங்கிய கட்டத்தின் நிறத்தை விட்டு ஆயுளுக்கும் மாறாது. ஒருவரிடம் வெளிர் கட்டங்களில் ஓடும் பிஷப்பும், மற்றவரிடம் அடர் கட்டங்களில் ஓடும் பிஷப்பும் மட்டும் மிஞ்சினால், அவை ஒன்றையொன்று வெட்டவும் முடியாது, மறிக்கவும் முடியாது. ஒரே தெருவில் இரவுக் காவலரும் பகல் காவலரும் போல, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. பாதுகாக்கிறவருக்கு இது வரம். தன் நிறக் கட்டம் ஒன்றில் அவர் தடுப்புப் போட்டுவிட்டால் அதை உடைக்க எதிரியின் பிஷப் வரவே வராது. எதிரியிடம் மிச்சம் இருப்பது ராஜா ஒன்றுதான்.

ஒரே ஒரு சிப்பாய் கூடுதல் என்றால் கதை சுருக்கம். சிப்பாயின் பாதையில், எதிரி பிஷப் தொட முடியாத நிறத்தில் ஒரு கட்டத்தைப் பார்த்து ராஜா உட்கார்ந்துகொண்டால் போதும், யாரும் அதை எழுப்ப முடியாது. இரண்டு சிப்பாய்கள் கூடுதலாக இருக்கும்போதுதான் விஷயம் சுவைக்கிறது.

பலகையின் நெடுவரிசைகளுக்கு a முதல் h வரையும், குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரையும் பெயர். வீட்டில் பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு வெள்ளைக் காய்கள், தம்பிக்குக் கறுப்பு. அக்காவின் ராஜா d4-இல். சிப்பாய்கள் d5, e5 என்று தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. அவளுடைய பிஷப் வெளிர் கட்டத்தில் ஓடுவது, f3-இல் வைப்போம். தம்பிக்கு ஒரு சிப்பாயும் இல்லை. ராஜா e7-இல், அடர் கட்டப் பிஷப் c7-இல். அவ்வளவுதான்.

பார்க்க அக்கா ஜெயித்த ஆட்டம். அவள் ஒவ்வொரு வழியாக முயன்று பார்க்கட்டும்.

முதலில் d சிப்பாயை d6-க்குத் தள்ளிச் செக் கொடுக்கிறாள். தம்பி பிஷப்பாலேயே அதை வெட்டுகிறான். அக்கா e சிப்பாயால் பிஷப்பை வெட்ட, தம்பியின் ராஜா அந்தச் சிப்பாயையும் வெட்டிவிடுகிறது. இரண்டு சிப்பாய்க்கு ஒரு பிஷப். வேறெந்த ஆட்டத்திலும் நஷ்டமான இந்தக் கணக்கு இங்கே தம்பிக்கு லாபம், ஏனென்றால் ராஜாவும் ஒற்றைப் பிஷப்பும் சேர்ந்து யாரையும் மேட் செய்ய முடியாது.

சரி, e சிப்பாயை e6-க்குத் தள்ளுகிறாள். இப்போது d5, e6 இரண்டு சிப்பாய்களும் வெளிர் கட்டங்களில் நிற்கின்றன. அவை அடுத்து மிதிக்க வேண்டிய d6, e7 இரண்டும் அடர் கட்டங்கள். ஒன்றில் தம்பியின் ராஜாவே உட்கார்ந்திருக்கிறது. மற்றதைப் பிஷப் காக்கிறது. அக்காவின் பிஷப்புக்கு அந்தக் கட்டங்களில் செல்வாக்கே கிடையாது. தன் சிப்பாய்கள் நிற்கும் நிறத்திலேயே அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது, வேலையில்லாமல். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்: சிப்பாயை முன்னே தள்ளுவது முன்னேற்றம் என்று நினைத்துத் தாங்களே பூட்டிக்கொள்வார்கள்.

ராஜாவை முன்னே அனுப்பலாமே? அதுவும் முடியாது. c7-இல் இருக்கும் பிஷப் d6-ஐக் காப்பதோடு, அதே குறுக்குக் கோட்டில் பின்னால் இருக்கும் e5 சிப்பாயையும் குறிவைத்திருக்கிறது. e5 அடர் கட்டம், ஆகவே அதை அக்காவின் பிஷப் காக்க வழியில்லை. ராஜாவே பக்கத்தில் நின்று காக்க வேண்டும். ராஜா அகன்ற மறுகணம் சிப்பாய் போய்விடும். செக் கொடுத்து தம்பியின் ராஜாவைக் கிளப்பலாம் என்றால் e7-உம் அடர் கட்டம்தான். அந்த ராஜாவை அவளுடைய பிஷப்பால் எந்த மூலையிலிருந்தும் தொட முடியாது.

தம்பி செய்ய வேண்டியதெல்லாம் பிஷப்பை c7-இலிருந்து b8-க்கும், b8-இலிருந்து c7-க்கும் நகர்த்திக்கொண்டிருப்பது. ஊஞ்சல் ஆடுவது போல. அது சோம்பேறித்தனம் இல்லை. அந்தக் கோட்டை விட்டு அகலாமல் இருப்பதே பாதுகாப்பு.

பிஷப் அந்தக் கோட்டில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு மாற்றுப் படம். பிஷப் a3-இல் இருக்கிறது என்று வையுங்கள். அங்கிருந்தும் அது d6-ஐக் காக்கிறது, ஆனால் e5-ஐக் குறிவைக்கவில்லை. அக்காவின் ராஜாவுக்கு விடுதலை கிடைத்து, அது c6-க்கு வந்து சேர்ந்துவிட்டது. இப்போது அவள் d6 தள்ளிச் செக் வைத்தால், பிஷப் வெட்டும், e சிப்பாய் திருப்பி வெட்டும். ஆனால் இந்த முறை d6-இல் நிற்கும் சிப்பாய்க்குப் பக்கத்திலேயே அக்காவின் ராஜா இருக்கிறது. தம்பியால் அதைத் தொட முடியாது. ஆட்டம் முடிந்தது. அதே காய்கள், பிஷப் மட்டும் ஒரு கோடு தள்ளி.

இரண்டு சிப்பாய்களும் சேர்ந்து ஆறாம் வரிசைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் வெற்றிதான். ஒரு வரிசையில் அப்படி என்ன மாறிவிடுகிறது? சிப்பாய்கள் d6, e6-இல், அக்காவின் ராஜா d5-இல், பிஷப் e2-இல். தம்பியின் ராஜா e8-இல், பிஷப் f6-இல். அக்கா பிஷப்பை b5-க்குக் கொண்டுவந்து செக் கொடுக்கிறாள். இப்போது ராஜா இருப்பது வெளிர் கட்டம், அதனால் செக் படுகிறது. அது d8-க்கோ f8-க்கோ போகலாம், வேறு வழியில்லை. போன பிறகு e8-க்குத் திரும்பவும் முடியாது, b5 பிஷப் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ராஜா d8-க்குப் போனதாக வைத்துக்கொள்வோம். அக்காவின் ராஜா எதிர்ப் பக்கம் நடக்கத் தொடங்குகிறது: e4, f5, g6, f7. நான்கும் வெளிர் கட்டங்கள், தம்பியின் பிஷப்பால் வழிமறிக்க முடியாது. பிஷப் e7-ஐக் காக்கும் கோட்டை விட்டு விலகினால் e7 செக், அடுத்து ராணி. விலகாமலே இருந்தாலும் ராஜா f7-க்கு வந்ததும் e7 செக். பிஷப் வெட்ட, d சிப்பாய் வெட்டி மறுபடி செக். அடுத்து e8-இல் ராணி. தம்பியின் ராஜா f8-க்கு ஒதுங்கியிருந்தால் அக்கா மறுபக்கம் d7-ஐ நோக்கிப் போவாள். ஐந்தாம் வரிசையில் வேலையற்றுத் திரிந்த அதே பிஷப்புக்கு இங்கே எதிரி ராஜாவை ஒரு பக்கமாக விரட்டி வாசலைச் சாத்தும் வேலை கிடைத்துவிட்டது.

சிப்பாய்கள் சேர்ந்தில்லாமல் தனித்தனியாக நின்றால்? அவற்றுக்கு இடையே ஒரு நெடுவரிசை மட்டும் இருந்தால் பாதுகாக்கிறவர் பெரும்பாலும் சமாளித்துவிடுவார். இரண்டு அல்லது அதற்கு மேல் இடைவெளி இருந்தால் சிரமம். ராஜா ஒரு சிப்பாயின் முன் நிற்க, பிஷப் மற்றதைத் தனியாகக் காக்க வேண்டிவரும். தாக்குகிறவரின் ராஜா அந்தப் பிஷப்பைத் தேடிப் போய்விடும். விதிவிலக்குகள் நிறைய உண்டு, இருந்தாலும் சேர்ந்து நிற்பதே பலம் என்ற பழகிய எண்ணம் இந்த ஒரு வகை ஆட்டத்தில் தலைகீழாகிவிடுகிறது.

இதற்கெல்லாம் உச்சமாக நான் வைப்பது 1998-இல் ஸ்பெயினின் லினாரஸ் நகரில் நடந்த போட்டியில் வெசலின் டோபலோவும் அலெக்ஸி ஷிரோவும் ஆடிய ஆட்டம். ஷிரோவ் கறுப்பு. 47-ஆவது நகர்வுக்கு அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது பலகையில் இருந்தவை: ஷிரோவுக்கு e6-இல் ராஜா, f5-இல் வெளிர் கட்டப் பிஷப், a4, d5, f6, g6-இல் சிப்பாய்கள். டோபலோவுக்கு g1-இல் ராஜா, c3-இல் அடர் கட்டப் பிஷப், g2, h4-இல் சிப்பாய்கள். இரண்டு சிப்பாய்கள் கூடுதல். a சிப்பாய்க்கும் d சிப்பாய்க்கும் நடுவே இரண்டு நெடுவரிசை இடைவெளியும் இருக்கிறது. அப்படியும் எளிதில்லை, ஏனென்றால் டோபலோவின் ராஜா f2 வழியாக d சிப்பாயின் முன்னால் வந்து சேர்ந்தால், அடர் கட்டங்களில் தடுப்பு விழுந்துவிடும்.

ஷிரோவின் ராஜா அதற்கு முன் e4-க்குப் போயாக வேண்டும். வழி f5. அங்கே அவருடைய பிஷப்பே நிற்கிறது. பிஷப்பைச் சும்மா ஒதுக்கினால் ஒரு நகர்வு வீணாகும், அந்த நேரத்தில் டோபலோவின் ராஜா வந்துவிடும்.

ஷிரோவ் பிஷப்பை h3-இல் கொண்டுபோய் வைத்தார். g2 சிப்பாயால் சாவகாசமாக வெட்டக்கூடிய இடத்தில்! வெட்டாவிட்டால் பிஷப் g2-ஐ வெட்டித் தன்னையே கொடுத்து, டோபலோவின் ராஜாவை நடுப்பலகையிலிருந்து விலக்கி இழுத்துவிடும். டோபலோவ் வெட்டினார். ஷிரோவின் ராஜா f5-க்கு வந்தது. டோபலோவின் ராஜா f2-க்கு. ஷிரோவின் ராஜா e4-இல் ஏறிவிட்டது.

பிஷப் போனதில் ஷிரோவுக்கு என்ன நஷ்டம்? சண்டை முழுக்க d4-ஐச் சுற்றியுள்ள அடர் கட்டங்களில். அங்கே அவருடைய வெளிர் கட்டப் பிஷப் எப்படியும் பேசாமடந்தைதான். அதைக் கொடுத்து ஒரு நகர்வு நேரம் வாங்கிக்கொண்டார். டோபலோவின் பிஷப் f6 சிப்பாயை வெட்ட, ஷிரோவ் d சிப்பாயை d4-க்குத் தள்ளினார். பிஷப் e7-க்கு வந்தது. ஷிரோவின் ராஜா d3-க்கு. பிஷப் c5-இலிருந்து d4-ஐத் தாக்கியது. ராஜா c4-க்கு வந்து சிப்பாயைக் காத்தபடியே பிஷப்பை மிரட்டியது. பிஷப் மறுபடி e7-க்கு ஓடியது. ராஜா b3-இல் போய் நின்றது. ஒரு பக்கம் a சிப்பாய், மறுபக்கம் d சிப்பாய், நடுவே ஒற்றைப் பிஷப். டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.