கண்மணிக்கு நேரே ஒரு புள்ளி

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் சொல்லும் புகார் இது: "புரொகிரஸிவ் போட்டுப் பார்த்தேன், எனக்கு ஒத்துவரலை." விசாரித்தால், தூரம் தெரிகிறது, படிக்கும்போதுதான் வரியின் நடுவில் இரண்டு மூன்று சொற்கள் தெளிவாக இருக்கின்றன, இருபக்கமும் மங்குகிறது என்பார்கள். தங்கள் கண்ணின் மேலேயே பழியைப் போட்டுக் கண்ணாடியை அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஆனால் டாக்டர் எழுதிய பவரும் லென்ஸும் சரியாக இருந்தும் இப்படி நேரலாம். லென்ஸை ஃபிரேமில் எந்த இடத்தில் உட்கார வைத்தார்கள் என்பதைத்தான் அப்போது முதலில் பார்க்க வேண்டும்.

புரொகிரஸிவ் லென்ஸின் மேல்பகுதியில் தூரப் பார்வைக்கான பவர் இருக்கும். கீழே வர வர அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, அடியில் படிக்கும் பவரை எட்டும். இந்த இரண்டையும் இணைக்கும் ஒடுங்கிய பட்டைக்குக் காரிடார் என்று பெயர். அது ஏன் ஒடுங்கியிருக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. காரிடாரின் நடுக்கோட்டில் பவர் எவ்வளவு வேகமாகக் கூடுகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் வேண்டாத சிலிண்டர் பவர் கூடும் என்று மிங்க்விட்ஸ் 1963இல் நிறுவினார். எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த விதியிலிருந்து முழுமையாகத் தப்ப முடியாது. படிப்பதற்கான கூடுதல் பவர் 2.00, காரிடாரின் நீளம் 14 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழே இறங்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பவர் சராசரியாக 0.14 கூடுகிறது. பக்கவாட்டில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 0.29 சிலிண்டர் சேருகிறது. நடுக்கோட்டிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் விலகினாலே அது 1.00ஐத் தொட்டுவிடும். ஆக, காரிடாரின் நடுவில் ஓரளவு சகித்துக்கொள்ளக்கூடிய அகலம் மொத்தம் 7 மில்லிமீட்டர்தான். அடியில், பவர் கூடுவது நின்ற பிறகுதான் படிக்கும் பகுதி விரிகிறது.

கண்ணாடி அணிந்தவர் நேராகப் பார்க்கும்போது கண்மணியின் நடுவுக்கு நேரே ஃபிரேமின் டெமோ லென்ஸில் வைக்கும் புள்ளி இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. அந்தப் புள்ளியிலிருந்து ஃபிரேமின் கீழ்விளிம்பு வரையுள்ள உயரம்தான் ஃபிட்டிங் ஹைட். மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்மணியும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது பி.டி. புது லென்ஸில் மையால் ஒரு சிறிய சிலுவைக்குறி அச்சிட்டிருக்கும். அது அந்தப் புள்ளியின் மேல் அமர வேண்டும்.

முதலில் உயரம். ஒருவருக்கு ஃபிட்டிங் ஹைட் 18 மில்லிமீட்டர், காரிடார் 14 என்றால், முழுப் படிப்புப் பவருக்குக் கீழே 4 மில்லிமீட்டர் மிஞ்சும். சிலுவைக்குறியை 3 மில்லிமீட்டர் தாழ்வாக வைத்து லென்ஸை வெட்டிவிட்டால் மிஞ்சுவது 1 மில்லிமீட்டர். விரிந்த பகுதியின் பெரும்பங்கு வெட்டுப்பட்டுக் கடையிலேயே விழுந்துவிடுகிறது. அந்த மனிதர் இனி படிப்பது காரிடாரின் குறுகிய கழுத்து வழியாக. மோவாயைத் தூக்கிக்கொண்டு படிப்பார், சாயங்காலம் பிடரி வலிக்கும். குறி உயரமாகப் போனால் கோளாறு வேறு மாதிரி. நேராகப் பார்க்கும்போதே படிக்கும் பவர் கொஞ்சம் குறுக்கே வந்து, பஸ் போர்டு மங்கும்.

பி.டி. தவறுவது இதைவிட நயவஞ்சகமானது. ஒரு பள்ளி ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். அவருடைய வலது கண் மூக்கின் நடுவிலிருந்து 31 மில்லிமீட்டர், இடது கண் 33. மொத்தம் 64. அவர் வாங்கிய ஃபிரேமின் கம்பியில் 50, 18 என்ற எண்கள் இருக்கின்றன. லென்ஸின் அகலம் 50, மூக்குப்பாலம் 18, ஆகவே இரண்டு லென்ஸ்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 68. கடையில் கண்மணியை அளக்காமல், ஃபிரேமின் நடுவையே கண்ணின் நடுவாகக் கொண்டு, இருபுறமும் 34 வைத்து லென்ஸைப் போட்டுவிட்டார்கள். வலது காரிடார் 3 மில்லிமீட்டர், இடது காரிடார் 1 மில்லிமீட்டர் காதுப் பக்கமாக நகர்ந்துவிட்டன. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் காரிடார் 7 மில்லிமீட்டர் அகலத்தோடு அப்படியேதான் இருக்கிறது. இரண்டு கண்ணும் திறந்தால் இரண்டுக்கும் பொதுவான பகுதி 7லிருந்து 4 போய் வெறும் 3. விடைத்தாளில் நாலு சொல் தெளிவாகத் தெரிந்த இடத்தில் இப்போது இரண்டுகூடச் சரியாக இல்லை. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் இது தீராது. ஒரு கண்ணுக்கு நல்லதானால் மற்றதற்குக் கெடும்.

மொத்தம் 64 சரியாக இருந்து, 32, 32 என்று பாதிப்பாதியாகப் பிரித்திருந்தால் கதை வேறு. அப்போது இரண்டு காரிடாரும் ஒரே திசையில் 1 மில்லிமீட்டர் நகரும். அவர் முகத்தைச் சற்றுத் திருப்பிச் சமாளித்துக்கொள்வார். ஆனால் வித்தியாசம் கூடக் கூட அந்தத் திருப்பமும் பெரிதாகும். அதனால்தான் மொத்த பி.டி. போதாது, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே வேண்டும் என்கிறோம்.

அளப்பதற்கு முன் ஃபிரேமை முகத்துக்குப் பொருத்த வேண்டும். மூக்குத் தாங்கி, காதுக் கம்பி, சாய்வு எல்லாம் சரியான பிறகுதான் புள்ளி. பலர் வரிசை மாற்றிச் செய்கிறார்கள். பிறகு ஃபிரேமைச் சரிசெய்யும்போது லென்ஸ் மொத்தமும் கண்ணுக்கு முன்னால் நகர்ந்துவிடுகிறது. நம் ஊர் வெயிலில் வியர்வையில் கண்ணாடி மூக்கில் வழுக்கும். 2 மில்லிமீட்டர் வழுக்கினால் ஃபிட்டிங் ஹைட்டை 2 மில்லிமீட்டர் குறைத்து அளந்ததற்குச் சமம்.

புள்ளி வைப்பவர் வாடிக்கையாளருக்கு எதிரே, கண்ணுக்குக் கண் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும். வாடிக்கையாளர் வலது கண்ணால் அவருடைய இடது கண்ணைப் பார்க்கும்போது அவர் தன் வலது கண்ணை மூடிக்கொண்டு புள்ளி வைப்பார். இடது கண்ணுக்கு இதையே மாற்றிச் செய்வார். கவுன்டருக்குப் பின்னால் நின்றபடி புள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று கணக்கிடலாம். அவர் கண் 5 சென்டிமீட்டர் உயரத்தில், 40 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், நீங்கள் மேல்நோக்கிப் பார்ப்பீர்கள். கண்ணின் சுழல்மையத்திலிருந்து லென்ஸ் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் முன்னால் இருப்பதால், புள்ளி 3 மில்லிமீட்டர் மேலே விழும். இந்தத் தொழிலில் ஏற்கத்தக்க பிழை 1 மில்லிமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய தவறு என்று புரியும்.

கண்ணாடி கைக்கு வந்தபின் எப்படிக் கண்டுபிடிப்பது? படித்துக்கொண்டே ஃபிரேமை விரலால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்கிப் பாருங்கள். தெளிவான பகுதி சட்டென்று விரிந்தால் குறி தாழ்வு. ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே நன்றாகப் படிக்க முடிந்து, இரண்டும் சேரும்போது சுருங்கினால் பி.டி.யைச் சந்தேகியுங்கள். மை அழிந்திருந்தாலும் சோதிக்கலாம். லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், 34 மில்லிமீட்டர் இடைவெளியில் பொறித்த இரண்டு நுண்குறிகள் தெரியும். லென்ஸ் கம்பெனி தரும் அட்டையில் அவற்றைப் பொருத்தி, கடைக்காரர் சிலுவைக்குறியை மறுபடி வரைந்துவிட முடியும்.

உலோக ஃபிரேமில் மூக்குத் தாங்கியை வளைத்து ஓரிரு மில்லிமீட்டர் உயரத்தைச் சரிசெய்யலாம். தாங்கி இல்லாத பிளாஸ்டிக் ஃபிரேமில் அதற்கும் வழி குறைவு. ஆசிரியையின் கண்ணாடியைப் போல பி.டி. 4 மில்லிமீட்டர் தவறியிருந்தால் எதையும் வளைத்துப் பயனில்லை, புது லென்ஸ்தான் போட வேண்டும். வெட்டிய லென்ஸை எந்தக் கடையும் மகிழ்ச்சியோடு மாற்றாது. ஆகவே டெலிவரி எடுக்கும் அன்று, லென்ஸில் மையைத் துடைக்காமல் தரச் சொல்லுங்கள். அப்படியே அணிந்துகொண்டு, உங்கள் மட்டத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சிலுவைக்குறிகளும் இரண்டு கண்மணிகளின் நடுவிலும் நின்றால் துடைக்கலாம். இல்லையென்றால் அந்த மையோடு கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.