கப்பல் இரண்டு நாள் தள்ளிப்போனால்

"எல்.சி. வந்தாச்சு, இனிப் பணத்துக்குப் பயமில்லை" என்பார்கள் ஏற்றுமதிக்குப் புதியவர்கள். அது பாதிதான் சரி. எல்.சி.யில் பணம் தருவதாக வாக்குக் கொடுப்பது பையரின் வங்கி. அந்த வங்கி சரக்கைக் கண்ணால்கூடப் பார்க்காது. கேட்ட ஆவணங்கள் கேட்டபடி இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். 2007 முதல் நடப்பிலுள்ள யு.சி.பி. 600 என்ற சர்வதேச விதிகள் சொல்வதும் இதைத்தான்.

திருப்பூரிலிருந்து ஹாம்பர்க் போகும் 10,000 டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் தேதி மே 20. கன்டெய்னர் 17ஆம் தேதியே தூத்துக்குடிக்குப் போய்விட்டது. ஆனால் கப்பலில் ஏறியது 22ஆம் தேதி. வங்கிக்கு லாரி கிளம்பிய நாள் கணக்கில்லை. பில் ஆஃப் லேடிங்கில் கப்பலில் ஏற்றியதாகக் குறித்த நாள்தான் கணக்கு. போதாக்குறைக்கு, எல்.சி.யில் 'கோம்டு காட்டன்' என்று இருக்க, இன்வாய்ஸில் வெறும் 'காட்டன்' என்று அடித்துவிட்டார்கள்.

ஆவணங்கள் ஜெர்மனி வங்கிக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளிலிருந்து, சரிபார்க்க அதற்கு ஐந்து வங்கி நாட்கள் உண்டு. அதற்குள் இரண்டு டிஸ்க்ரிபன்சிகளையும் எழுதி, பணம் தர மறுத்துவிடலாம். இன்வாய்ஸைத் திருத்தி மறுபடி கொடுக்கலாம். எல்.சி. காலாவதியாகாமலும், ஷிப்மென்ட் ஆகி 21 நாள் தாண்டாமலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். (எல்.சி.யே வேறு கெடு சொல்லியிருந்தால் அந்தக் கெடு.) கப்பல் தேதியைத் திருத்த வழியே இல்லை. முன்தேதியிட்டு பில் ஆஃப் லேடிங் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்; அது மோசடி.

இனிப் பணம் வருவது பையர் கையில். "தாமதம் பரவாயில்லை" என்று அவர் ஒப்புக்கொண்டு, வங்கியும் அதை ஏற்றால் பணம் வரும். டிஸ்க்ரிபன்சி கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். நல்ல பையர் உடனே ஒப்புக்கொள்வார். சீசன் மந்தமாக இருந்தால் சிலர் பதிலே போட மாட்டார்கள். சரக்கு ஹாம்பர்க்கில் இறங்கி டெமரேஜ் ஏற ஆரம்பித்த பிறகு, "பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். இங்கே பேக்கிங் கிரெடிட் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். சரக்கில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் இதுதான் நிலைமை.

17ஆம் தேதி கப்பல் தாமதம் என்று தெரிந்ததுமே செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஷிப்மென்ட் தேதியை மே 31 என்று மாற்றி எல்.சி.க்குத் திருத்தம் கேட்டிருக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பையர் மின்னஞ்சலில் "ஓகே" என்று எழுதியதும் சரக்கை ஏற்றிவிடுகிறார்கள். அந்த "ஓகே" வங்கியைக் கட்டுப்படுத்தாது. திருத்தம் அவருடைய வங்கியிலிருந்து உங்கள் வங்கி வழியாக வந்த பிறகே சரக்கைக் கப்பலில் ஏற்றுங்கள்.